கேந்தி அணியின் விளக்கு

எனக்கு எழுபத்திரண்டு முடிந்து எழுபத்துமூன்று நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கின்றன. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எண்கள் எல்லாம் தெரியும். அதற்கு மேல் படிப்பு என்று ஒன்றும் இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கரன்கோவில் கேபிளில் ஓடுகிற வினாடி வினா நிகழ்ச்சிக்கு மணி, பஸ்ஸர் என்று சத்தம் போடுகிறவள் நான்தான். எனக்கு முன்னால் மூன்று பேர் அந்த வேலைக்கு வந்து ஓடிப்போனார்கள். ஒருவன் சரியான விடைக்குத் தப்புச் சத்தத்தைப் போட்டு ஒரு பிள்ளையை அழவிட்டான். என் கை அப்படித் தப்பாது.

நிகழ்ச்சியை எழுதுவதும் நடத்துவதும் என் இளைய மருமகள். படம் பிடித்து மார்க் பலகையைத் திரையில் ஏற்றி இறக்குவது அவள் புருஷன், என் கடைசி மகன். இடம், நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய வத்தல் குடோன். எத்தனை முறை கழுவிவிட்டாலும் சுவரில் மிளகாய் நெடி போகவில்லை. முதல் சுற்று முடிவதற்குள் வந்திருக்கிற பிள்ளைகளில் பாதி தும்மிவிடும். மருமகள் அதையும் எழுதி வைத்துக்கொள்வாள். "இங்க முதல்ல பதில் சொன்னவங்களுக்குப் பத்து மார்க்கு, முதல்ல தும்முனவங்களுக்குக் கைதட்டு" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுவாள். ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள்.

அவள் எழுதுகிற தாளில் நான்கு கட்டம் இருக்கும். ஒன்றில் அவள் பேசுவது, ஒன்றில் திரையில் என்ன வரவேண்டும் என்பது, ஒன்றில் சத்தம், கடைசியில் நேரம். எனக்கு வேண்டியது மூன்றாவது கட்டம் மட்டும். அங்கே அவள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டித் தருவாள். பச்சைப் பொட்டு என்றால் சரியான விடைக்கு உள்ள மணி. கறுப்பு, தப்பு விடைக்கு. மஞ்சள், கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுவது. சிவப்பு, பஸ்ஸர். என் முன்னால் இருக்கிற சத்தப் பெட்டியின் பொத்தான்களிலும் அதே பொட்டுகள். இடது கை விரல் தாளில் ஊர்ந்துகொண்டு போகும், வலது கை பொத்தான் மேல் நிற்கும்.

மூன்றாவது சுற்றுக்கு மட்டும் தாள் உதவாது. அது பஸ்ஸர் சுற்று, தப்பினால் ஐந்து மார்க் குறையும். யார் எப்போது அழுத்துவார்கள் என்று முன்னாலேயே எழுதி வைக்க முடியுமா. ஒவ்வொரு அணியின் மேசையிலும் ஒரு அமுக்கு பொத்தானும் ஒரு சின்ன விளக்கும் உண்டு. எல்லா வயரும் ஒரு பெட்டியில் வந்து சேரும். யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்கள் விளக்கு எரியும். எரிந்ததும் மற்றவர்களுடைய பொத்தான் செத்துப்போகும். மருமகள் தன் மேசையில் இருக்கிற சுவிட்சைத் தட்டி அணைத்தால்தான் மறுபடி உயிர் வரும். அந்தப் பெட்டியிலேயே ஒரு சத்தம் இருந்தது. அது மைக்கில் கீச்சென்று இறங்குகிறது என்று மகன் அந்தக் கம்பியை வெட்டிவிட்டான். அதனால் குடோனில் பஸ்ஸர் சத்தம் வரவேண்டும் என்றால் விளக்கைப் பார்த்து நான் சிவப்பை அழுத்தவேண்டும். வேறு வழியில் அது வராது. இதை நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

அந்த ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு பள்ளிக்கூடம் வருவதாக ஏற்பாடு. மல்லி, பிச்சி, ரோஜா, கேந்தி என்று அணிகளுக்குப் பூப்பெயர். கேந்தி அணி குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடம். அதில் என் மகள் வயிற்றுப் பேத்தியும் ஒருத்தி. எட்டாம் வகுப்பு. மகள் காலை பஸ்ஸிலேயே வந்து, அம்மனுக்கு அர்ச்சனை செய்து, கோயிலில் கொடுத்த புற்றுமண்ணை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் வாத்தியாரோடு வேனில் வருவதாகப் பேச்சு.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு கொட்ட ஆரம்பித்தது. குடோனுக்குத் தகரக் கூரை. மகன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "யம்மா, இந்த மழைச் சத்தம் எல்லாத்தையும் முழுங்குது. நீ சத்தத்தக் கூட்டி வை" என்றான். கூட்டி வைத்தேன். மூன்று அணிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. நான்காவது மேசையில் பெயர்ப்பலகையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன.

மகள் வாத்தியாருக்குப் போன் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை.

"ஓடையில தண்ணி வந்திருக்குமோ" என்றாள்.

"நம்ம பக்கத்து ஓடையில என்னைக்கு ஏட்டி தண்ணி வந்துச்சு. வந்துருவாங்க, சும்மா கெட" என்றேன். சொன்னேனே தவிர என் கண்ணும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வானம் பார்த்த கரிசல் காடு அது. வருஷமெல்லாம் காய்ந்து கிடக்கிற ஓடை வந்தால் சொல்லாமல் வரும். தரைப்பாலம் எது, ரோடு எது என்று தெரியாது.

நேரலை என்பதால் நிறுத்த முடியாது. கேபிள்காரர் கொடுத்த நேரம் வந்ததும் தொடங்கியாகவேண்டும். மகன் நான்காவது மேசையை ஓரமாகத் தள்ளப் போனான். மகள் எழுந்து போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள ஒக்காருத எடத்த எதுக்குல எடுக்க."

"இல்லக்கா, கேமராவுல காலியா தெரியுமேன்னு பாக்குதேன்."

"தெரியட்டும். வந்து ஒக்காருவா."

வரவேண்டிய பிள்ளையின் இடத்தை எடுப்பது எங்களில் ஆகாத காரியம். அவனும் விட்டுவிட்டான். திரையில் மார்க் பலகையிலும் நான்கு கட்டம் வரைந்து வைத்திருந்தான். ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் கோணலாகிப் போகும் என்று கேந்திக்குப் பூஜ்யம் போட்டு அப்படியே விட்டான்.

தொடக்க இசையைப் போட்டேன். மருமகள் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லி அணிகளை அறிமுகப்படுத்தினாள். தாளில் கேந்திக்கு என்று ஒரு வேடிக்கை எழுதி வைத்திருந்தாள். "மழையையே பாக்காத ஊருல இருந்து வந்திருக்காங்க, நம்ம பிள்ளைங்க" என்பது வரை வாசித்துவிட்டாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. கூரை மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. காலி மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்துகிட்டே இருக்காங்க" என்று முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

முதல் சுற்று வரிசைக் கேள்வி. சரியாகச் சொன்னால் பத்து, அடுத்த அணிக்குப் போய் அவர்கள் சொன்னால் ஐந்து. இரண்டாவது, திரையில் படம் காட்டிக் கேட்பது. கேந்தியின் முறை வரும்போதெல்லாம் மருமகள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள். நானும் அந்த இடத்துப் பொட்டுகளைத் தாண்டி விரலை நகர்த்தினேன். தாண்டுகிற ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் மூச்சை இழுத்துவிட்டாள். அவளுக்கும் அந்தப் பொட்டுக் கணக்கு தெரியும்.

மூன்றாவது சுற்று வந்தது. தாளை ஒதுக்கிவிட்டு விளக்குகளைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இரண்டு கேள்வி நல்லபடியாகப் போயிற்று. மூன்றாவதாக, "சதுரங்கப் பலகையில் மொத்தம் எத்தனை கட்டங்கள்" என்று மருமகள் வாசித்து முடிக்கவில்லை, விளக்கு எரிந்தது. என் விரல் சிவப்பை அழுத்திவிட்டது. சத்தமும் போய்விட்டது. பிறகுதான் எந்த மேசை என்று பார்க்கிறேன். கேந்தி.

ஒருவரும் அங்கே இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மருமகள் வாய் கெட்டிக்காரி. "பாத்தீங்களா, கேந்தி அணி கண்ணுக்கே தெரியாம முந்துறாங்க. நம்ம விதி என்ன, லைட்டு எரிஞ்சா அந்த அணிதான் பதில் சொல்லணும். அஞ்சு விநாடி" என்றாள். கூட்டம் சிரித்தது. மஞ்சளை அழுத்தினேன். டிக் டிக்கென்று ஓடியது. ஓடி முடிந்ததும் கறுப்பு. மகனும் பழக்கத்தில் தட்டிவிட்டான். திரையில் கேந்தியின் கட்டம் சிவந்து, பூஜ்யம் போய் மைனஸ் ஐந்து வந்து நின்றது. மல்லி அணிப் பையன் அறுபத்துநான்கு என்று சொல்லி மார்க்கை வாங்கிக்கொண்டான்.

"ஏலே, இல்லாத புள்ளைக்கு என்னத்துக்குல கொறைக்க" என்று மகள் அடிக்குரலில் கேட்டாள்.

மகன் மைக்கைக் காட்டி வாயில் விரலை வைத்தான்.

இன்னும் இரண்டு கேள்வி. மறுபடி கேந்தி எரிந்தது. இந்த முறையும் என் விரல் முந்திக்கொண்டது. பஸ்ஸர் சத்தம் அந்தத் தகரக் கூரையில் முட்டிக் கீழே இறங்கியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரோஜா அணியில் இருந்த ஒரு சின்னப் பெண் தன் நாற்காலியைக் காலி மேசையை விட்டுச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மருமகள் அதே விதியைச் சொன்னாள், ஆனால் வேடிக்கை சேர்க்கவில்லை. டிக் டிக். கறுப்பு. மைனஸ் பத்து.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"யம்மா, எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருக்கு."

"வாய மூடுட்டி. வயருல ஈரம் எறங்கியிருக்கும்."

"ஈரம் இந்த மேசைக்கு மட்டுமா எறங்கும்."

பிள்ளை எங்கோ ஒரு இடத்தில் இருக்கிறது, அது இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது, இங்கே அதன் விளக்கு எரிகிறது. இந்த மூன்றையும் சேர்த்து நினைக்காமல் இருக்க எந்தத் தாயாலும் முடியாது. ஐந்தை வளர்த்தவள் சொல்கிறேன்.

மகன் கேமராவில் விழாமல் குனிந்து போய், பெட்டியின் பின்னால் கேந்தி மேசைக்குப் போகிற வயரைப் பிடுங்கினான். பிடுங்கியதை எங்களுக்குத் தூக்கிக் காட்டினான். அதன் நுனி அவன் விரலுக்கு நடுவில் ஆடியது. தரையில் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

மருமகள் அடுத்த கேள்வியை எடுத்தாள். "ஒலி எதில் வேகமாகப் பரவும். காற்றிலா, தண்ணீரிலா."

மூன்று அணிப் பிள்ளைகளும் பொத்தானில் கை வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேந்தி விளக்கு எரிந்தது.

பளிச்சென்று எரியவில்லை. அடுப்பில் தணல் பிடிப்பதுபோல மங்கலாகத் தொடங்கிப் பிறகு நின்று எரிந்தது. வயர் தரையில் கிடந்தது. நான் பார்த்தேன், மகன் பார்த்தான், மருமகள் பார்த்தாள். என் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இந்த முறை நான் சிவப்பை அழுத்தவில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்லுவேன். மருமகள் விதியைச் சொல்லவில்லை. கடிகாரமும் ஓடவில்லை. மழை மட்டும்தான் கேட்டது.

மகளின் போன் அடித்தது. மகன் அந்த நொடியே விளம்பரத்தைத் தட்டிவிட்டான்.

யாருடைய நம்பரோ. வாத்தியார்தான் பேசினார். அவர் குரல் எனக்கும் கேட்டது. தரைப்பாலத்தில் வேன் நின்றுபோயிருக்கிறது. ஓடை ஏறி சீட்டு வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள், ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை, வேறு வண்டியில் வந்துகொண்டிருக்கிறோம் என்றார். அவர் போன் நனைந்து செத்துப்போனதால் டிராக்டர்காரர் போனில் கூப்பிட்டிருந்தார்.

மகள் போனை மடியில் போட்டுவிட்டு அழுதாள். நான் விளக்கைப் பார்த்தேன். அணைந்திருந்தது. மருமகள் சுவிட்சைத் தட்டினாளா என்று பிறகு கேட்டேன். "நான் தொடவே இல்லயே, அத்த" என்றாள்.

விளம்பரம் முடிந்ததும் அவள் அந்தக் கேள்விக்கே திரும்பிப் போகவில்லை. விடையையும் சொல்லவில்லை. பஸ்ஸர் சுற்று இத்தோடு முடிந்தது என்று அறிவித்துவிட்டு, போனில் கூப்பிடுகிற நேயர்களோடு பேசி நேரத்தை இழுத்தாள். அப்படி இழுப்பதற்கென்று தாளில் எப்போதும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருப்பாள். அன்றைக்குத்தான் அது இரண்டையும் வாசித்து முடித்தாள்.

பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது கடைசிச் சுற்று தொடங்கிவிட்டது. ஒரு அணிக்கு ஒரு நிமிடம், சொல்லச் சொல்லப் பத்துப் பத்தாக ஏறும். மூன்று அணியும் முடித்திருந்தன. இடுப்புக்குக் கீழே நனைந்த யூனிபார்மோடு மூன்று பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். மகள் ஓடிப்போய்த் தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு புற்றுமண்ணை நெற்றியில் இட்டாள். பிள்ளை அவளைப் பைய விலக்கிவிட்டு நேராக நான்காவது மேசைக்குப் போய் உட்கார்ந்தது. எந்த மேசை என்று யாரிடமும் கேட்கவில்லை. காலியாக இருந்தது அது ஒன்றுதான், கேட்க என்ன இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

மருமகள் மைக்கைப் பிடித்து, "வாங்க மக்களே, வாங்க. தண்ணியில நீந்தி வந்திருக்கீங்க" என்று தொடங்கினாள்.

"தண்ணியில" என்றாள் பேத்தி.

மருமகள் சிரித்தாள். "ஆமா, தண்ணியிலதான்."

"இல்ல அத்த. கேட்டீங்கள்ல. தண்ணியிலதான் வேகமா போவும்."

மருமகளுடைய சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. நேரலை. ஊரே பார்க்கிறது. அவள் தாளைக் கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு எந்தப் பொட்டை அழுத்துவது என்று தெரியவில்லை. பச்சையா. யார் கேட்ட கேள்விக்கு.

வாத்தியார் அதற்குள் திரையைப் பார்த்துவிட்டார். "என்ன மேடம் இது, எங்க பிள்ளைங்க வரவே இல்ல, எப்படி மைனஸ் பத்து" என்று நியாயம் கேட்டார். மகன் அழித்துவிடுவதாகக் கையைக் காட்டினான்.

"அழிக்க வேண்டாம் மாமா" என்றாள் பேத்தி. "நாங்கதான அழுத்துனோம்."

கூட இருந்த இரண்டு பிள்ளைகளும் மறுத்துப் பேசவில்லை. மல்லி அணிக்காரப் பையன், "இதென்ன, பேய் அணியா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது மைக்கில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, தும்மவும் இல்லை.

மருமகள் விதியைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் பிழைப்பே விதியில் இருக்கிறது. "லைட்டு எரிஞ்சா அந்த அணிதான்னு நான் சொல்லியிருக்கேன். மைனஸ் பத்து இருக்கட்டும். ஒரு நிமிஷம் உங்களுக்கு, ஆரம்பிக்கலாமா" என்றாள். மஞ்சளை அழுத்தினேன். பிள்ளைகள் ஆறு சொன்னார்கள். அறுபதில் பத்து போக ஐம்பது. கடைசி இடம்தான். பரிசு மல்லிக்குப் போனது. பேத்திக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மகன் சமாதானம் சொன்னான். வயரைப் பிடுங்கினாலும் பெட்டிக்குள் ஈரம் இருந்தால் விளக்கு எரியுமாம். வருகிற வழியில் டீக்கடையில் எங்கேயாவது டிவி ஓடியிருக்கும், பிள்ளை கேள்வியைக் கேட்டிருப்பாள் என்றான்.

"எங்கயும் நிக்கலயே மாமா. நேரா வந்தோம்" என்றாள் பேத்தி.

"வேன் தண்ணியில நின்னப்ப என்னத்தட்டி பண்ணிகிட்டு இருந்தீங்க" என்று என் மகள் கேட்டாள்.

"சார் கேள்வி கேட்டாங்க. பயப்படாம இருக்கணும்னு. தெரிஞ்சா முன்சீட்டுக் கம்பியில தட்டணும்." தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாள். "தண்ணி ஏற ஏற சார் கேக்குறத நிறுத்திட்டாங்க. அப்பயும் கேள்வி கேட்டுகிட்டே இருந்துச்சு."

"யாரு கேட்டா."

பிள்ளை சோற்றைப் பிசைந்தாள். "தெரியல. பொம்பளக் குரல்."

மருமகள் தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அந்த நிகழ்ச்சியை யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் மகன் ஓட்டிப் பார்த்தான். என்னையும் கூப்பிட்டான். ஒலி எதில் வேகமாகப் பரவும் என்று மருமகள் கேட்கிறாள். மழைச் சத்தம். விளக்கு எரிகிறது. அதோடு பஸ்ஸர் அடிக்கிறது. தெளிவாக, முழுசாக, எப்போதும் அடிப்பதுபோல.

"நீதாம்மா அழுத்தியிருக்க. ஒனக்கே தெரியாம" என்றான்.

நான் அழுத்தவில்லை. என் கை மடியில் இருந்தது. எழுந்து வந்தேன். அந்த இடத்தை வெட்டிவிடவா என்று பின்னாலிருந்து கேட்டான். வேண்டாம் என்றேன். வெட்டினால் அன்றைக்கு அது நடந்தது என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. படிக்காதவள் வாயை யார் நம்புவார்கள்.

மகள் இப்போதும் மழை நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. மருமகள் தாள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள், நான் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் அவள் பிறகு எந்த நிகழ்ச்சியிலும் வைக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் கேட்ட பொம்பளைக் குரல் தன்னுடையதுதான் என்று அவள் நினைக்கிறாளோ, அல்லது தன்னுடையது இல்லை என்று நினைக்கிறாளோ. இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதினது அந்தப் பேத்திதான். இப்போது பத்தாவது படிக்கிறாள். தண்ணீர் ஏறின இடம் வந்தபோது பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி எழுதினாள். நான் சொன்னதைத்தான் எழுதினாளா, தனக்குத் தெரிந்ததையும் சேர்த்தாளா, எனக்கு இவ்வளவையும் படித்துப் பார்க்கத் தெரியாது.

சரி மக்கா, எழுதினது போதும். மொதல்ல இருந்து வாசி, கேப்போம். எங்கயும் தாண்டாம வாசி.